சுந்தரி காத்தாடியின் ஐந்து வருஷக் கணக்கு

சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருப்பவர் வீட்டில் வருஷம் ஆடியில்தான் பிறக்கும். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட்டால் புது ஆர்டர், புதுப் பேரேடு, புதுப் பேனா எல்லாம் அன்றைக்கே ஆரம்பம். ஊர் உலகம் சித்திரையில் வருஷம் பிறந்ததாகச் சொல்லிப் பாயசம் குடிக்கட்டும், ஆடிட்டர் ஏப்ரலில் பிறந்ததாகச் சொல்லி உயிரை எடுக்கட்டும். பிரஸ்காரர்களுக்கு ஆடிதான். ஞானசுந்தரி இந்தத் தொழிலில் பிறந்து இதே தொழிலில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு வேறு மாதிரி எண்ணத் தெரியாது. அவளுடைய காத்தாடி கைவிட்டுப் போகப் பார்த்ததும் இதனால்தான்.

காத்தாடி என்றால் பிள்ளைகள் ஓட்டுகிற காத்தாடி இல்லை. கயத்தாறு பக்கத்துக் கரிசல் காட்டில் மூன்று இறக்கையோடு நிற்கிற காற்றாலை. இருநூற்றைம்பது கிலோவாட். 2003 மார்ச் கடைசியில் ஓட ஆரம்பித்தது. அங்கே எடுக்கிற கரண்ட் மின்வாரியத்தின் கம்பியில் ஏறிவிடும். எத்தனை யூனிட் ஏற்றினோமோ, வாரியம் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சிவகாசியில் பிரஸ்ஸின் கரண்ட் பில்லில் கழித்துக்கொடுக்கும். அந்தச் சமயத்தில் ஊரில் பாதி முதலாளிகள் வரிச் சலுகைக்காகக் காத்தாடி போட்டார்கள். ஞானசுந்தரியின் கணவர் தங்கச்சாமி மட்டும், “காத்த நம்பி எவனாச்சும் மொதலு போடுவானா?” என்று ஆறு மாசம் இழுத்தடித்தார். கடைசியில் அவள் தன் சீர் நகையில் பாதியை எடுத்து மேஜைமேல் வைத்த பிறகுதான் மனுஷன் அசைந்தார். அதனால் வீட்டில் அதற்குச் சுந்தரி காத்தாடி என்றே பெயர்.

போட்டவளே பொறுப்பையும் எடுத்துக்கொண்டாள். பழைய பேரேடு ஒன்றில் ரூல் போட்டு மாசத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாள். வாரியத்து மீட்டரில் ஏறிய யூனிட், காத்தாடியின் சொந்த மீட்டர் காட்டிய யூனிட், பிரஸ் பில்லில் கழிந்த யூனிட் எல்லாம் ஒரு பக்கம். காத்தாடி ஓடிய மணி, லைனில் கரண்ட் இல்லாமல் சும்மா நின்ற மணி, பழுதாகி நின்ற மணி இன்னொரு பக்கம். கடைசியில் கோளாறு என்று ஒரு கட்டம். என்ன கோளாறு, யாரிடம் சொன்னோம், காத்தாடி செய்த கம்பெனி கொடுத்த புகார் நம்பர் என்ன, எப்போது சரியானது என்று அதில் எழுதுவாள். காத்தாடி மீட்டருக்கும் வாரியத்து மீட்டருக்கும் நூற்றுக்கு மூன்று யூனிட் வித்தியாசம் வரும், டிரான்ஸ்பார்மரும் கம்பியும் தின்பது அது. அதற்கு மேலே போனால் உடனே அவளுக்கு மூக்கு வேர்த்துவிடும், கயத்தாறுக்குப் போன் பறக்கும்.

அங்கே போனை எடுப்பவன் முனியராஜ். காற்றாலைக் கம்பெனியின் ஆபரேட்டர். அப்பா அம்மா இரண்டு பேரும் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வேலை. இவன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு மருந்து வாசனை படாத வேலை வேண்டும் என்று காத்தாடிக்கு வந்தவன். சுந்தரி காத்தாடியையும் அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு காத்தாடியையும் அவன்தான் பார்த்துக்கொண்டான்.

“யக்கா, இன்னைக்கு லைன் மூணு மணி நேரம் இல்ல. எழுதிக்கோங்க.”

“எழுதிட்டேன். வேற ஏதும் சத்தம் கித்தம்?”

“ஒண்ணும் இல்லக்கா. ஓடுது.”

இப்படி ஐந்து வருஷம். தங்கச்சாமி இந்த நோட்டைத் தொட்டதே இல்லை. பிரஸ்ஸில் மை ரோலர் தேய்வதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார், காத்தாடி விஷயம் என்றால் மட்டும், “அது ஒன் டிப்பார்ட்மென்டு” என்று எழுந்து போய்விடுவார்.

பக்கத்துக் காத்தாடி யாருடையது என்றால், தங்கச்சாமியின் சித்தப்பா மகன் காளீஸ்வரனுடையது. ஆமத்தூர் ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறவர். ஒரே கம்பெனியின் ஒரே மாடல் காத்தாடி, ஒரே வாரத்தில் நட்டது, கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. அவரிடம் நோட்டும் கிடையாது, ரூலும் கிடையாது. வாரியம் கொடுக்கிற மாசச் சீட்டுகளை எல்லாம் பட்டாசு கிப்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருப்பார். வருஷக் கடைசியில் ஆடிட்டர் கூட்டிச் சொல்கிற தொகையை மட்டும் மனசில் வைத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் பார்த்தால், “மதினி, இந்த வருசம் நம்மளுது அஞ்சு லச்சத்துப் பத்தாயிரம் யூனிட்டு, ஒங்களுது எம்புட்டு?” என்று பந்தியில் உட்கார்ந்தபடியே கேட்பார். ஞானசுந்தரியும் தன் நோட்டின் வருஷக் கூட்டலைச் சொல்வாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். இவளுடையது ஒரு ஐயாயிரம், பத்தாயிரம் குறையும். அதற்குப் போய் யார் தலையை உடைத்துக்கொள்வார்கள்?

ஆனால் பிரஸ் பில் தலையை உடைத்தது. வருஷத்துக்கு வருஷம் கழிவு குறைந்துகொண்டே வந்தது. முதல் வருஷம் காற்றுக் காலம் முடிந்து தை மாசம் வரைக்கும் வாரியத்தின் வரவில் சேர்த்துவைத்த யூனிட்டே பில்லுக்குப் போதும் என்றிருந்தது போய், கார்த்திகையிலேயே கையிருப்புத் தீர்ந்தது. தங்கச்சாமி கேட்கும்போதெல்லாம் ஞானசுந்தரி நோட்டைப் புரட்டிப் பார்த்து ஒரே பதில்தான் சொன்னாள்.

“காத்து கொறைவுங்க. காளீஸ்வரன் தம்பிக்கும் அப்படித்தான். மிஷின்ல குத்தம் இருந்தா அவுகளுக்கும் நமக்கும் வித்தியாசம் தெரியும்ல?”

அவள் சொன்னது சரியான முறைதான். காத்தாடிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்க்க வேண்டும். காற்று ஒரு வருஷம் போல இன்னொரு வருஷம் அடிக்காது, அதனால் தன் பழைய கணக்கோடு மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், பக்கத்துக் காத்தாடியோடும் ஒப்பிட வேண்டும். முறை சரி, போட்ட கணக்குத்தான் தப்பு. அது அப்போது அவளுக்குத் தெரியாது.

2007 தீபாவளி முடிந்தது. பட்டாசுக்காரர்களுக்கு ஓய்வு, காலண்டர்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பிரஸ்ஸில் மூன்று ஷிப்டு ஓடிக்கொண்டிருந்தது. காளீஸ்வரன் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார், முறுக்குக் கடித்தார், பேரப்பிள்ளையின் காதுகுத்தைப் பற்றிப் பேசினார். பிறகு தங்கச்சாமியைப் பார்த்து மெதுவாக ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, ஒங்க காத்தாடியக் குடுக்குறதா இருந்தா எனக்கே குடுத்துருங்க. வெளியாளுக்குப் போக வேணாம்.”

தங்கச்சாமி இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்தார். “குடுத்துரலாம்டா. தை பொறக்கவும் எழுதிருவோம். எனக்கு அந்தப் பணத்துல நாலு கலர் மிஷின் ஒண்ணு போடணும்.”

பக்கத்தில் நின்ற ஞானசுந்தரி கையில் இருந்த காபி டம்ளரை வைக்கத் தோன்றாமல் நின்றாள். “என்னங்க, ஒரு வார்த்த எங்கிட்ட...”

“ஒங்கிட்ட என்ன கேக்கணும்? ஒன் நோட்டுதான சொல்லுது. மிஷின்ல குத்தமில்ல, காத்துதான் இல்லன்னு நீதான நாலு வருசமாச் சொல்லுத. காத்து இல்லாத காட்டுல காத்தாடிய வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

சொன்னவள் அவள்தானே! அன்றைக்கு அவளுக்கு வந்த வருத்தத்தை என்னவென்று சொல்ல? நகை போனதற்கு அவள் அழுததில்லை. ஆடிக்காற்றில் அந்த இறக்கைகள் சுற்றுவதைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற சந்தோஷத்துக்கு எந்த நகையும் ஈடில்லை என்று நினைப்பவள். அது கைமாறிப் போகிறது, அதுவும் அவள் கையெழுத்தில் இருக்கிற கணக்கையே சாட்சியாக வைத்து.

சமையல்கட்டில் பாத்திரங்களை ஒழுங்குபடுத்துவது போல இடித்துக்கொண்டிருந்தவளுக்கு நடுவில் ஒரு யோசனை தட்டியது. காற்று இல்லாத காட்டில் இருக்கிற காத்தாடியைக் காளீஸ்வரன் ஏன் வாங்குகிறார்? அவர் ஏமாளி இல்லை. ஒரு மத்தாப்புக் குச்சியைக்கூட நஷ்டத்துக்கு விற்காதவர். அவள் நேராகக் கூடத்துக்கு வந்து கேட்டே விட்டாள்.

“தம்பி, காத்துதான் கொறைஞ்சு போச்சே. பின்ன எதுக்கு நம்மளுத வாங்குறீக?”

காளீஸ்வரன் முழித்தார். “காத்து கொறைஞ்சிருச்சா? யாரு மதினி சொன்னா? எங்களுதுக்கு ஒரு கொறைச்சலும் இல்லையே. போன வருசம் அதுக்கு முந்துன வருசத்த விடக் கூட. அதனாலதான இன்னொண்ணு இருந்தாத் தேவலன்னு வந்தேன்.”

“எங்களுது?”

“ஒங்களுதும் அதே மாதிரிதான இருக்கும்? நீங்கதான மதினி வருசா வருசம் சொல்றீக, ஏறக்கொறைய ஒண்ணுதான்னு.”

தங்கச்சாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஞானசுந்தரி, “தம்பி, ஒங்க அட்டைப்பெட்டிய ஒரு ரெண்டு நாளைக்குக் குடுக்கீகளா? மாசச் சீட்டுக எல்லாம் வேணும்,” என்றாள்.

இந்த இடத்தில் காளீஸ்வரனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். வியாபாரம் படிகிற நேரத்தில் வாங்குகிறவன் தன் வீட்டுக் காகிதத்தை எடுத்து விற்கிறவள் கையில் கொடுப்பானா? அதில் ஏதோ வினை இருக்கிறது என்று அவருக்கும் தெரியாமல் இல்லை. ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தார். மறுநாள் காலையில் கம்பெனி டெம்போவிலேயே பெட்டியை அனுப்பிவிட்டார். சொந்தக்காரன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஞானசுந்தரி மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் பாயை விரித்துச் சீட்டுகளைப் பரப்பினாள். சீட்டுகளில் இருந்து அலுமினியப் பொடி வேறு உதிர்ந்தது. ஏப்ரல், மே, ஜூன் என்று அடுக்கிக்கொண்டே வந்தபோது ஒன்று உறுத்தியது. காளீஸ்வரன் கல்யாணப் பந்தியில் சொன்ன வருஷக் கூட்டல் ஏப்ரலில் ஆரம்பித்து மார்ச்சில் முடிகிற ஆடிட்டர் வருஷம். வாரியத்துக்கும் காற்றாலைக்கு அதுதான் வருஷம். இவளுடைய நோட்டின் வருஷமோ ஆடிப்பெருக்கு முடிந்து வருகிற ஆகஸ்டு ரீடிங்கில் ஆரம்பித்து அடுத்த ஜூலையில் முடிந்தது. காலண்டர் வீட்டு வருஷம்!

செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரைக்கும் அடிக்கும். வருஷத்து யூனிட்டில் முக்கால்வாசிக்கு மேல் அந்த ஐந்து மாசத்தில் வருவதுதான். அவள் ஆடியில் கோடு கிழித்ததால் ஒவ்வொரு காற்றுக் காலத்தையும் நடுவில் வெட்டிப் பாதியை ஒரு வருஷத்திலும் மீதியை அடுத்த வருஷத்திலும் போட்டிருந்தாள். அதாவது அவளுடைய ஒரு வருஷத்தில் போன சீசனின் பின்பாதியும் இந்த சீசனின் முன்பாதியும் கலந்து கிடந்தன. ஒவ்வொரு தடவையும் அடுத்த ஆனிக் காற்று முந்தின வருஷத்தின் குறையைக் கொஞ்சம் மூடிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த 2007 ஆனியில் காற்று பேய் மாதிரி அடித்தது, அது அவள் கணக்கில் போன வருஷத்தோடு சேர்ந்து அதன் குறையை முழுசாக மூடிவிட்டது. அந்தக் கலவையைக் கொண்டுபோய்க் காளீஸ்வரனின் முழு சீசன் கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறாள்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருந்தது. காத்தாடி ஓட ஆரம்பித்த முதல் நான்கு மாசம், 2003 ஏப்ரல் முதல் ஜூலை வரை, எந்த வருஷத்திலும் சேராமல் நோட்டின் முன்பக்கத்தில் தனியாகக் கிடந்தது. ‘புது வருஷத்துக்கு முன்’ என்று அவளே தலைப்புப் போட்டிருந்தாள். புத்தம் புது இறக்கையோடு காத்தாடி முழு மூச்சில் ஓடிய மாசங்கள் அவை. எதை வைத்து மற்ற வருஷங்களை அளக்க வேண்டுமோ அதையே ஓரங்கட்டி வைத்திருக்கிறாள்.

“நாசமாப் போச்சு,” என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டாள். அவமானம் ஒரு பக்கம் இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு குதூகலம் கிளம்பிவிட்டது. கணக்குத் தப்பு என்றால் காத்து தப்பில்லை என்று ஆகிறதே.

மாசக் கணக்குகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, வருஷக் கோடு மட்டும்தான் தப்பான இடத்தில் இருந்தது. ஏப்ரலில் புதிதாகக் கோடு போட்டுக் கூட்டினாள். முனியராஜுக்குப் போன் போட்டுப் பக்கத்துக் காத்தாடி பழுதாகி நின்ற நாட்களைக் கேட்டு வாங்கினாள். இரண்டு காத்தாடியும் அவன் டைரியில் இருந்ததால் சொல்லிவிட்டான். தன்னுடையது கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழுகி நின்ற ஆறு நாளையும், அவருடையது பேரிங் மாற்ற நின்ற பதினோரு நாளையும் இரண்டு கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டாள். இல்லாவிட்டால் ஒப்பிடுவது நியாயமில்லை.

முதல் வருஷம் காளீஸ்வரனின் காத்தாடி நூறு யூனிட் எடுத்தால் சுந்தரி காத்தாடி நூற்றொன்று எடுத்திருந்தது. அடுத்தது தொண்ணூற்றொன்பது. பிறகு தொண்ணூற்றாறு, தொண்ணூற்றிரண்டு. இந்த சீசனில் எண்பத்தேழு. இன்னொன்றும் பளிச்சென்று தெரிந்தது. காற்று குறைந்த மார்கழி, தை மாசங்களில் இரண்டும் சமமாகவே ஓடின. ஆனி, ஆடி, ஆவணியில்தான் இவளுடையது பின்தங்கியது. பலமான காற்றில்தான் நோவு.

சாயங்காலம் பிரஸ்ஸிலிருந்து வந்த தங்கச்சாமியைக் கை கால் கழுவக்கூட விடவில்லை.

“நான் சொன்னது தப்புங்க. காத்து இருக்கு. நம்ம மிஷின்லதான் கோளாறு. இம்புட்டு நாளும் நான் வருசத்தத் தப்பா வெட்டிட்டேன்.”

தங்கச்சாமி தாளைப் பார்த்தார். பிரஸ்காரர், எண்ணைவிடக் கோடு வளைவது அவர் கண்ணுக்குச் சீக்கிரம் படும். நூற்றொன்றிலிருந்து எண்பத்தேழுக்கு இறங்குகிற வரிசையை விரலால் தடவினார். “அப்ப கோளாறு மிஷின எதுக்கு வச்சிருக்கணும்? அதுக்கும் வித்துரத்தான செய்யணும்?”

“எறக்கைக்கு அஞ்சு வருசம் வாரண்டி. வர்ற மார்ச்சு கடைசி வரைக்கும் இருக்கு. கோளாறு எறக்கையிலன்னா கம்பெனிதான் சரி செஞ்சு குடுக்கணும். எனக்கு மார்ச்சு வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள முடியலேன்னா நானே கையெழுத்துப் போடுதேன்.”

தங்கச்சாமி காளீஸ்வரனிடம் தை வேண்டாம், பங்குனியில் பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்.

கம்பெனியின் திருநெல்வேலி ஆபீஸில் சர்வீஸ் மேனேஜராக இருந்தவர் பெத்தணன். பொறுமையான மனிதர், ஆனால் முதலாளிகளின் புகாரைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்தவர். ஞானசுந்தரியின் முதல் கடிதத்துக்கு வழக்கமான பதிலே வந்தது. காற்று வருஷத்துக்கு வருஷம் மாறும், லைன் நிற்கும் நேரமும் கூடியிருக்கிறது, இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது. அவள் கோபப்படவில்லை. லைன் இல்லாமல் நின்ற மணிகளை மாசவாரியாக எடுத்து, இரண்டு காத்தாடிக்கும் ஒரே லைன் என்பதையும், நின்ற நேரம் இரண்டுக்கும் ஒன்றே என்பதையும் எழுதி, ஒப்பீட்டுத் தாளையும் மீட்டர் சீட்டுகளின் நகலையும் இணைத்து அனுப்பினாள். மார்கழி முதல் வாரத்தில் பெத்தணன் கேமராவோடு கயத்தாறுக்கு வந்துவிட்டார். அவளும் தங்கச்சாமியும் அங்கே போயிருந்தார்கள்.

காத்தாடியை நிறுத்தி, இறக்கை ஒவ்வொன்றாகக் கீழே தொங்குகிற மாதிரி பூட்டி, முனியராஜும் இன்னொருவரும் கயிறு கட்டி மேலேயிருந்து இறங்கினார்கள். கீழே நின்ற ஞானசுந்தரி கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முனியராஜ் இறங்கி வந்து, எடுத்த படத்தைக் காட்டினான். காற்றை வெட்டுகிற முன்விளிம்பு நெடுகப் பூச்சு உரிந்து, உள்ளே இருக்கிற கண்ணாடி நார்த்துணி தெரிந்தது. பழைய கதவில் பெயிண்ட் உரிந்த மாதிரி. மூன்று இறக்கையும் அப்படியே.

“இதுதாம்மா,” என்றார் பெத்தணன். “முன்விளிம்பு வழுவழுன்னு இருந்தாத்தான் காத்து ஒட்டிப் போகும். சொரசொரன்னு ஆயிட்டா, பலமான காத்துல எறக்கை சீக்கிரம் திணறிப் போயிருது. இருநூத்தம்பது தொடுற மிஷினு இருநூத்திருவதுலயே நின்னுரும். மிதமான காத்துல ஒண்ணும் தெரியாது.”

“அப்ப வாரண்டிதான?” என்றார் தங்கச்சாமி உடனே.

பெத்தணன் தயங்கினார். “மணல், மழைனால தேயிறதுக்கு வாரண்டி கெடையாது அண்ணாச்சி. பூச்சே சரியில்லாம உரிஞ்சா உண்டு. மேலிடத்துல தேய்மானம்னு சொல்லிருவாக. ஆரம்பத்துலயே உரிஞ்சதுன்னு காட்ட ஏதாவது இருக்கா?”

ஞானசுந்தரி காருக்குள் போய் நோட்டை எடுத்து வந்தாள். இரண்டாம் வருஷத்து ஆவணிப் பக்கம். கோளாறுக் கட்டத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: சுற்றும்போது சீட்டி அடிப்பது போலச் சத்தம், முனியராஜ் சொன்னது, கம்பெனிக்குப் போனில் சொன்னோம், புகார் நம்பர் இன்னது. அதன் கீழே கம்பெனியின் பதில்: ஆள் வந்து பார்த்தார், பாதிப்பு இல்லை.

“அந்தச் சத்தம் அப்பறமும் கேட்டுச்சுக்கா,” என்றான் முனியராஜ். “பழகிப் போச்சு, அதனால சொல்லல.”

“பழகிட்டா எளுத வேண்டாமாலே?” என்று அவள் கோபித்தாள். உடனே, தானும் நாலு வருஷமாகப் பழகிய கோட்டையே போட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் வந்து, நோட்டைப் பெத்தணன் பக்கம் நீட்டினாள்.

பெத்தணன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். “ரெண்டாவது வருசத்துலயே விளிம்பு உரிஞ்சு சீட்டி அடிச்சிருக்கு. நீங்க சொல்லியிருக்கீக, நாங்க நம்பர் குடுத்திருக்கோம். பக்கத்து மிஷினு அதே காத்துல அதே மணல்ல நல்லா இருக்கு. இதுக்கு மேல தேய்மானம்னு நாங்க எப்படிம்மா சொல்ல? கம்பேர் பண்ண எவரும் கணக்குத் தர மாட்டேங்காக. தந்தாத்தான எங்களுக்கும் மேலிடத்துல பேச வாய் இருக்கும்?” மனிதருக்குத் தன் கம்பெனியிடம் தானே சண்டை போட ஒரு ஆயுதம் கிடைத்த சந்தோஷம். முகமெல்லாம் மலர்ந்துபோனது.

மேலிடம் தை முழுக்க இழுத்தது. அந்த ஒரு மாசமும் ஞானசுந்தரி தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். தங்கச்சாமி வேண்டுமென்றே, “பங்குனிக்குப் பத்திரம் எழுத ஆளு சொல்லிரவா?” என்று சீண்டுவார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். மாசி பிறந்து நாலாம் நாள் கடிதம் வந்தது. வாரண்டியில் சரிசெய்து தருகிறோம் என்று இருந்தது. அவள் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். அழுகிறோமே என்று வெட்கப்படவும் இல்லை.

காற்று இல்லாத மாசம்தான் வேலைக்குத் தோது. பெரிய கிரேன் வந்து மூன்று இறக்கையையும் இறக்கியது. உரிந்ததைத் தேய்த்து, பள்ளத்தை அடைத்து, புதுப் பூச்சுப் பூசி, எடை சமமாக இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். கிரேன் நிற்கும்போதே ஞானசுந்தரி பெத்தணனிடம், “பக்கத்துலயும் ஒரு எட்டுப் பாத்துருங்க,” என்றாள். காளீஸ்வரனுடைய ஒரு இறக்கையின் நுனியிலும் பூச்சு விலக ஆரம்பித்திருந்தது. அவருக்கும் வாரண்டி அதே மார்ச்சில்தான் முடிகிறது. அவள் தானே உட்கார்ந்து புகார்க் கடிதம் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, வாரண்டி முடியும் முன்பே சேர்த்துவிட்டாள். காத்தாடி வாங்க வந்து காத்தாடி கிடைக்காமல் போன மனிதருக்கு இந்த மட்டிலுமாவது செய்ய வேண்டாமா?

“மதினி, எனக்கும் ஒரு நோட்டு ரூல் போட்டுக் குடுங்க,” என்றார் அவர்.

“ஏப்ரல்ல இருந்து போடுதேன்,” என்றாள்.

2008 வைகாசியில் காற்று இறங்கியது. ஆனி ரீடிங் எடுத்த அன்று வீட்டுப் போன் அடித்தபோது ஞானசுந்தரி மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே தங்கச்சாமி எடுத்தார். “யாரு, முனியராஜா? சொல்லு... எம்புட்டு? மறுபடி சொல்லு... காளீஸ்வரனுது எம்புட்டு?” என்று அவர் கத்துவது மாடி வரைக்கும் கேட்டது. கையில் ஒட்டிய மாவோடு அவள் இறங்கி வந்தாள்.

அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் கையெழுத்து அதில் விழுந்துகொண்டிருந்தது. வாரியத்து மீட்டர், காத்தாடி மீட்டர், ஓடிய மணி எல்லாம் வரிசையாக எழுதினார். காளீஸ்வரனுடையது நூறு என்றால் சுந்தரி காத்தாடி நூற்றிரண்டு. பலமான காற்றில் கிலோவாட் முள் இருநூற்றைம்பதைத் தாண்டியதாம். எழுதி முடித்துக் கோளாறுக் கட்டத்துக்கு வந்தவர் பேனாவை நிறுத்தி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து நிதானமாக எழுதி, நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

‘மிஷினில் கோளாறு இல்லை. முதலாளிதான் விற்கப் பார்த்தார்.’

ஞானசுந்தரி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாவுக் கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் வெள்ளை. பேனாவை அவரிடமிருந்து வாங்கி, அவர் எழுதியதற்குப் பக்கத்தில், ‘சரியானது’ என்று எழுதி அன்றைய தேதியைப் போட்டாள்.